மூக்கோரத்திலிருந்து ஏறும் சதை

சுங்கை சிப்புட் வட்டாரச் செம்பனைத் தோட்டமொன்றில் மருத்துவ உதவியாளராக, அதாவது தொழிலாளர் வாயில் ‘டிரெசர்’ ஆக, நான் பணியாற்றிய காலத்தில் கண் தொல்லை உள்ளவர்கள் இரு விதமாக என்னிடம் வந்து சேர்ந்தார்கள். ஓலைத் தூசியோ உரத்தூளோ விழுந்தவர்கள் கண்ணைப் பொத்திக்கொண்டு உடனே வந்துவிடுவார்கள். மற்றவர்களோ கண்ணுக்காக வந்தவர்களே அல்லர்; சர்க்கரை மாத்திரைக்கோ முதுகுவலிக்கோ வந்து எதிரில் உட்காரும்போது, வெள்ளை விழியின் மூக்கோரத்திலிருந்து இளஞ்சிவப்பான சதை ஒன்று முக்கோணமாகக் கருவிழியை நோக்கி நீண்டிருப்பது என் பார்வையில் படும். கேட்டால், “அது ரொம்ப நாளா அப்படித்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு முதுகுவலிக்குத் திரும்பிவிடுவார்கள். கண் மருத்துவர்கள் டெரிஜியம் என்று குறித்துக்கொள்ளும் அந்தச் சதையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

தோட்டத்தில் அனைவரும் தூசியைத்தான் குற்றம் சொல்வார்கள். வறண்ட மாதங்களில் செம்மண் சாலையில் டிராக்டர் போனால் எழும் புழுதியைப் பார்த்தவர்களுக்கு அது இயல்பாகவே தோன்றும். ஆனால் தூசி மட்டுமே காரணமாக இருந்தால், அது கண்ணின் எல்லாப் பக்கமும் படுவதால், சதையும் எந்தப் பக்கமும் வளரலாம். நடப்பது அப்படியில்லை. நான் பார்த்தவற்றில் ஏறக்குறைய அனைத்தும் மூக்குப் பக்கத்திலேயே தொடங்கின. பாடநூல்களும் அதையே சொல்கின்றன. இதற்கு ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் மினாஸ் கொரோனியோ தந்த விளக்கம், பாதுகாப்புக் கண்ணாடியைப் பற்றிய என் எண்ணத்தையே மாற்றியது.

கருவிழியின் முன்னால் உள்ள தெளிந்த படலம் வளைவானது. நெற்றிப்பொட்டுப் பக்கமிருந்து, அதாவது காதோரமாகச் சாய்வாக வரும் வெயிலை அந்த வளைவு பூதக்கண்ணாடி போலக் குவித்து, கண்ணின் மறுபக்கத்தில், மூக்கோரமாகக் கருவிழியும் வெள்ளை விழியும் சேரும் விளிம்பில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அந்த இடத்தில் ஒளியின் செறிவு ஏறத்தாழ 20 மடங்கு வரை உயரக்கூடும். கருவிழிப் படலத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் மூல உயிரணுக்கள் அந்த விளிம்பில்தான் இருக்கின்றன; வெள்ளை விழியின் தோல் கருவிழி மீது ஏறாமல் தடுக்கும் வேலியும் அவைதான். புற ஊதாக் கதிர் ஆண்டுக்கணக்கில் அவற்றைச் சிதைக்கும்போது வேலி அறுந்து, இரத்த நாளங்களோடு கூடிய தோல் உள்ளே நுழைகிறது. மூக்குப் பக்கமிருந்து வரும் வெயிலை மூக்கே மறைத்துவிடுவதால் காதுப் பக்க விளிம்பு பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். உச்சி வெயிலில் புருவமேடும் தொப்பியும் கண்ணுக்கு நிழல் தருகின்றன. வெயில் சாய்ந்திருக்கும் காலை நடுப்பகுதியிலும் பிற்பகல் நடுப்பகுதியிலும்தான் அது பக்கவாட்டில் கண்ணுக்குள் நுழைகிறது. மலேசியாவில் கடிகாரம் சூரியனைவிட முந்தி ஓடுகிறது. தீபகற்பத்தில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறத்தாழ 1:15 மணிக்கு. விடியுமுன் பெரட்டுக்குப் போய், பிற்பகல் தொடங்கியதும் வீடு திரும்பும் தொழிலாளி, தான் கடும் வெயிலுக்கு முன்பே வேலையை முடித்துவிட்டதாக நினைக்கிறார். தோலைப் பொறுத்தவரை அது ஓரளவு சரி. கண்ணைப் பொறுத்தவரை, காலையின் சாய்ந்த வெயில் முழுவதும் வேலை நேரத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

நாற்றங்காலில் வேலை செய்த ஓர் அக்காவின் கண்ணை வைத்து மேலும் சொல்கிறேன். வயது ஐம்பதைத் தாண்டியவர். இளம் வயதிலிருந்து போலிபேக் நாற்றுகளுக்கு இடையே களை எடுப்பதும் உரம் போடுவதுமாக இருந்தவர். வளர்ந்த செம்பனைக் காட்டில் ஓலை நிழலாவது உண்டு. பெரிய நாற்றங்கால் திறந்த வெளி. தலையில் துண்டு, அதன்மேல் ஓலைத் தொப்பி. “என்னா தம்பி, கண்ணாடி மாத்தி ஒரு வருசங்கூட ஆவல, மறுபடியும் மங்கலாத் தெரியுதே” என்றுதான் அவர் வந்தார். சதையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

ஆறு மீட்டர் தொலைவில் எழுத்துப் பலகையைக் காட்டினால் வலக்கண் 6/9, இடக்கண் 6/18; அதாவது நல்ல கண் 18 மீட்டரிலிருந்தே படித்துவிடும் எழுத்தை அவர் இடக்கண் 6 மீட்டரில்தான் படித்தது. அட்டையில் ஊசித்துளை போட்டு அதன் வழியாக இடக்கண்ணால் பார்க்கச் சொன்னபோது பார்வை 6/9 ஆக உயர்ந்தது. இது எளிய சோதனை என்றாலும் நிறையச் சொல்லும்: துளை வழியே தெளிவாகிறது என்றால், குறை பெரும்பாலும் ஒளி வளைவதில் இருக்கிறது, கண்புரை முற்றியதாலோ விழித்திரை கெட்டதாலோ அல்ல. பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, சிறு அளவுகோலைக் கன்னத்தோடு வைத்துப் பார்த்தேன். இடக்கண்ணில் சதையின் முனை விளிம்பைத் தாண்டி சுமார் 3 மில்லிமீட்டர் ஏறியிருந்தது. வலக்கண்ணில் 1 மில்லிமீட்டர்தான். கருவிழியின் அகலம் 12 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வெளிச்சத்தில் நடுவிலுள்ள பாவை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். ஆகவே விளிம்பிலிருந்து பாவையின் ஓரம் வரை நாலு மில்லிமீட்டருக்கு மேல் இடம் உண்டு. சதை இன்னும் பாவையை மறைக்கவில்லை; ஆனாலும் பார்வை குறைந்துவிட்டது. காரணம், மேலே ஏறும் சதை கருவிழிப் படலத்தைக் கிடைவாட்டில் இழுத்துத் தட்டையாக்குகிறது. ஒரு திசையில் தட்டையும் மறுதிசையில் வளைவுமாகப் படலம் மாறும்போது உருவம் கோணலாக விழுகிறது. சதை நகர நகர இந்தக் கோணலும் மாறுவதால்தான் புதிதாக வாங்கிய கண்ணாடியும் பொருந்தாமல் போகிறது. கண்ணாடிக் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்த அக்காவுக்கு இதை ஒரு தாளில் வரைந்து காட்டிய பிறகே கண் மருத்துவர்களைப் பார்க்க ஈப்போவுக்குப் போகச் சம்மதித்தார்.

அனுப்புவதற்கு முன், பார்ப்பது உண்மையில் டெரிஜியம்தானா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். விளிம்புக்கு வெளியே மஞ்சள் நிறத்தில் திட்டாக நின்று, கருவிழி மேல் ஏறாமல் இருப்பது வேறு; அதற்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை. மருந்து அடிக்கும்போது இரசாயனம் தெறித்துப் புண்பட்ட கண்ணில், ஆறும்போது தோல் கருவிழியோடு ஒட்டிக்கொள்வதுண்டு. அது மூக்கோரத்தில்தான் வரும் என்றில்லை, மேலும் கீழும்கூட வரலாம், தானாக வளர்ந்துகொண்டும் போகாது. தோட்டங்களில் புழங்கிய பராகுவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. அதற்கு முந்தைய காலத்தில் மருந்து அடித்தவர்களிடம், முன்பு கண்ணில் ஏதும் தெறித்ததா என்று கேட்காமல் நான் எழுதி அனுப்புவதில்லை. பயப்பட வேண்டியது மூன்றாவது வகைக்குத்தான்: முக்கோண வடிவம் இல்லாமல் மேடாகவோ பசை போலவோ இருப்பது, மேலே வெள்ளைத் தகடு படிந்திருப்பது, தடித்த நாளங்கள் அதை நோக்கி ஓடுவது, சில வாரங்களில் கண்ணெதிரே பெருப்பது. இதே விளிம்பில் இதே வெயிலால் புற்றுநோயும் வரக்கூடும் என்பதால் அப்படிப்பட்டவரை முறை வரும் வரை காக்க வைக்கக் கூடாது.

சரி, தூசி எங்கே போயிற்று? தூசியும் காற்றும் வறட்சியும் சதையைச் சிவக்கவும் உறுத்தவும் செய்கின்றன. அதன் மேட்டினால் கண்ணீர் சீராகப் பரவாத இடம் காய்ந்து எரிகிறது. கையுறை கழற்றாத கையால் தேய்த்தால் இன்னும் மோசம். அந்த எரிச்சலுக்குச் செயற்கைக் கண்ணீர் சொட்டு போதும். சிவப்பைப் போக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கும் பெயரறியாச் சொட்டில் ஸ்டீராய்டு இருந்தால், மாதக்கணக்கில் போடும்போது கண்ணழுத்தம் உயர்ந்து பார்வை நரம்பே கெடலாம். நந்தியாவட்டைப் பூவைக் கழுவி மூடிய இமைமேல் வைத்துக்கொள்ளும் பாட்டிமார்களோடு நான் சண்டை போட்டதில்லை. பூச்சாற்றைக் கண்ணுக்குள் பிழிவதைத்தான் தடுப்பேன். எந்தச் சொட்டும் எந்தச் சாறும் ஏறிய சதையைக் கரைக்காது.

தடுப்பைப் பொறுத்தவரை, பாசார் மாலாமில் வாங்கும் தட்டையான கறுப்புக் கண்ணாடி முன்பக்கத்தை மட்டுமே மறைக்கிறது. பொட்டுப் பக்கம் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும். கூடவே, இருட்டில் பாவை விரிவதால் அந்த இடைவெளி வழியாக உள்ளே போகும் கதிரும் கூடலாம். வேண்டியது பக்கவாட்டில் வளைந்து, பொட்டோடு ஒட்டி நிற்கும் பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி. அது நிறமற்றதாக இருந்தாலும் புற ஊதாவை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும் என்பதைத் தொழிலாளர்கள் நம்பவே மாட்டார்கள். கறுப்பாக இருந்தால்தான் வெயில் தடுக்கப்படும் என்பது அவர்கள் எண்ணம். குலை வெட்டுபவருக்கு நிறமற்றதே ஏற்றது. நீண்ட கம்பை உயர்த்தி அண்ணாந்து பார்ப்பவருக்கு ஓலை நிழலில் கறுப்புக் கண்ணாடி ஆபத்து. அண்ணாந்த கண்ணில் விழும் முள்ளையும் பூத்தூளையும் அதே நிறமற்ற கண்ணாடி தாங்கிக்கொள்ளும். நாற்றங்காலிலும் உரம் போடும் இடத்திலும் இலேசான சாம்பல் நிறம் வசதியானது. அகல விளிம்புத் தொப்பி கண்ணாடிக்குத் துணைதான். அது மேலிருந்து வரும் கதிரைத் தடுக்கும், சாய்ந்து வருவதையும் வானம் முழுக்கச் சிதறி வருவதையும் தடுக்காது.

கண்ணாடியைக் கொடுப்பது எளிது, போட வைப்பதுதான் பாடு. வேர்வையில் மூட்டம் போட்டுவிடும். உடனே அது தொப்பிமேல் ஏறிவிடும். தூசி படிந்த கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக் கீறிவிட்டு, மங்கலாகத் தெரிகிறது என்று தூக்கி எறிவதும் உண்டு. நாங்கள் மண்டோரிடம் சொல்லி, ஓய்வு நேரத்தில் கண்ணாடியைத் தண்ணீரில் அலசிய பிறகே துடைக்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தோம். கன்னத்தைத் தொடாமல் சற்று விலகி நிற்கும் வடிவத்தையும், மூட்டம் தடுக்கும் பூச்சு உள்ளதையும் கேட்டு வாங்கினோம். அதன் பிறகும் எல்லோரும் போடவில்லை; முன்னைவிடக் கூடுதலானோர் போட்டார்கள், அவ்வளவுதான்.

அக்காவின் இடக்கண்ணுக்கு அறுவை செய்வதென்று மருத்துவர்கள் முடிவு செய்தார்கள்; வலக்கண்ணை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்த்தால் போதும் என்றார்கள். ஏறிய சதையை வெறுமனே வெட்டி எடுத்து, அந்த இடத்தை மூடாமல் விட்டால் அது திரும்ப வருவது மிக அதிகம். திரும்பி வருவது முன்பைவிடத் தடிப்பாகவும் வேகமாகவும் இருக்கும். பல ஆண்டுகளுக்கு முன் அப்படி வெட்டிக்கொண்ட ஒரு லாரி ஓட்டுநரின் கண்ணை நான் பார்த்திருக்கிறேன். கண்ணை முழுதாகக் காதுப் பக்கம் திருப்ப முடியாத அளவுக்கு வடு இறுகியிருந்தது. இப்போது, ஊசி போட்டு மரத்துப்போன கண்ணில் சதையை உரித்து எடுத்த பின், மேல் இமைக்கு அடியில் வெயில் படாத இடத்திலிருந்து மெல்லிய தோலை எடுத்து அந்த இடத்தில் தைக்கிறார்கள் அல்லது பசையால் ஒட்டுகிறார்கள். அப்போதும் சிலருக்குத் திரும்பும். பெரும்பாலும் முதல் ஆண்டுக்குள்ளேயே தெரிந்துவிடும். அக்கா அன்றே வீடு திரும்பினார்; சில வாரங்கள் சொட்டு மருந்தும், ஏறத்தாழ ஒரு மாதம் நாற்றங்காலுக்குப் பதிலாக ஸ்டோரில் இலேசான வேலையும். உடனே புதுக் கண்ணாடி வேண்டும் என்று அவர் அவசரப்பட்டார். இழுபட்ட படலம் நிலைகொள்ளச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை பிடிக்கும் என்பதால் பொறுக்கச் சொன்னோம். மூன்றாம் மாதம் அளந்தபோது கோணல் பெரிதும் குறைந்திருந்தது; கண்ணாடியோடு இடக்கண் 6/9 காட்டியது. புதிய கண்ணாடியின் மேலேயே மாட்டிக்கொள்ளும்படியான பெரிய பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றையும் அலுவலகக் கிராணி மூலம் வரவழைத்துக் கொடுத்தோம். கனமாக இருக்கிறது என்ற முறைப்பாட்டோடுதான் அதைப் போட்டுக்கொண்டார்.