ஒரே ஒரு பில்லு, ரெண்டு மாசம் அலைச்சல்: ஜிஎஸ்டி பில்லுல நான் பண்ணுன மூணு தப்பு

கோயமுத்தூர்ல சின்னதா ஒரு லேத் பட்டறை வச்சிருக்கேன். பிளேஞ்ச், புஷ், அந்த மாதிரி ஜாப் ஒர்க்கும் சொந்த சப்ளையும். மாசத்துக்கு பத்து பில்லு கூட போடறதில்ல, அதனால எக்ஸெல்லதான் ஓட்டிட்டு இருந்தேன். துணிக்கடை வச்சிருக்கற மச்சான்கிட்ட வாங்குன ஃபார்மட், மேல பேர மட்டும் மாத்திக்கிட்டேன். அதுலதான் வினை.

ஆகஸ்ட்ல ஓசூர் கம்பெனி ஒண்ணுக்கு 200 பிளேஞ்ச் அனுப்புனேன், பீஸ் 400 ரூபா. சரக்கு போச்சு, நல்லா இருக்குன்னு ஸ்டோர்ல சொல்லிட்டாங்க. செப்டம்பர் 16ஆம் தேதி அக்கவுண்ட்ஸ்ல இருந்து ஒரு மேடம் கூப்பிட்டு "சார், உங்க பில்லு எங்க 2பில வரவே இல்ல, பேமெண்ட் ஹோல்டுல இருக்கு"ன்னாங்க. 2பினா நாம ரிட்டர்ன்ல ஏத்துற பில்லு வாங்கறவர் பேர்ல போர்ட்டல்ல வர்ற லிஸ்ட், அத வச்சுதான் அவங்க கட்டுன வரிக்கு கிரெடிட் எடுப்பாங்க. ஆகஸ்ட் பில்லெல்லாம் ஏத்தற ஆர்-1 ரிட்டர்ன நான் செப்டம்பர் 11ஆம் தேதியே போட்டாச்சு. 14ஆம் தேதி 2பி வந்துருச்சு. அப்புறம் எப்படி வராம போகும்?

பில்ல எடுத்து பாத்தா, வாங்கறவர் ஜிஎஸ்டி நம்பர் 29ல ஆரம்பிக்குது. ரெண்டு வருஷம் முன்னாடி அதே கம்பெனியோட பெங்களூர் ஆபீசுக்கு ஒரு ஆர்டர் பண்ணிருந்தேன். இந்த தடவை அட்ரஸ மட்டும் ஓசூர்னு மாத்துனேன், நம்பர் பழசே நின்னுருச்சு. 29னா கர்நாடகா, நமக்கு 33. சரக்கு தமிழ்நாட்டுக்குள்ளயே போகுதேன்னு சிஜிஎஸ்டி எஸ்ஜிஎஸ்டி பாதி பாதி போட்டுட்டேன். போர்ட்டல்ல 29 அடிச்சதும் அது சப்ளை நடக்கற இடம் கர்நாடகான்னுதான் எடுக்குது, ஆனா பில்லுல வெளி மாநிலத்துக்கு போடற ஐஜிஎஸ்டி இல்லையேன்னு ஆடிட்டர் ஆபீஸ் பையன் அதை தமிழ்நாடுன்னு மாத்தி சேவ் பண்ணிட்டான். ரிசல்ட்டு என்னன்னா, பில்லு பெங்களூர் ஆபீஸ் 2பில போய் கிரெடிட் எடுக்க முடியாத லிஸ்ட்ல உக்காந்துருச்சு. ஓசூர் 2பில ஒண்ணுமே இல்ல.

நான் பண்ணுன முட்டாள்தனம், உடனே சரியான நம்பர் போட்டு புது பிரிண்ட் எடுத்துக்கிட்டு ராத்திரி பஸ் ஏறி சேலம், கிருஷ்ணகிரி வழியா ஓசூர் போனது. கேட்ல ஒரு மணி நேரம் உக்கார வச்சாங்க, அப்புறம் மேடம் வந்து பேப்பர திருப்பி கூட பாக்கல. "பேப்பர வச்சு நான் என்ன சார் பண்றது, 2பில வந்தாதான் சிஸ்டம் ரிலீஸ் பண்ணும்." அவ்வளவுதான். ஒரு நாள் வேலையும் போச்சு. பில்லு தப்புன்னா முதல்ல போர்ட்டல சரி பண்ணுங்க, பேப்பர் அப்புறம்.

ஆடிட்டர்கிட்ட போய், வரி கட்டற 3பி ரிட்டர்ன் இன்னும் போடல, அதே மாச ஆர்-1ஐ திருத்தற ஜிஎஸ்டிஆர்-1ஏல மாத்திரலாமான்னு கேட்டேன். "தம்பி, 1ஏல மத்ததெல்லாம் மாத்தலாம், வாங்கறவன் ஜிஎஸ்டி நம்பர மாத்த முடியாது. அடுத்த மாச ஆர்-1ல டேபிள் 9ஏல திருத்தம் போடணும்"னாரு. அதாவது அக்டோபர் 11 வரைக்கும் காத்திருக்கணும்.

சரி இந்த பில்ல முழுசா பாருங்க சார்னு நீட்டுனேன், இன்னும் ரெண்டு தப்பு சிக்குச்சு.

ஒண்ணு, வண்டி வாடகை. நான் 80,000க்கு 18 பர்சன்ட் 14,400 போட்டு, கீழ கடைசில வாடகை 1,500ன்னு தனியா கூட்டி 95,900னு முடிச்சிருந்தேன். நாம சரக்க கொண்டு போய் குடுக்கறதா பேசி அதே பில்லுல வாடகை வாங்குனா அதுவும் சரக்கோட மதிப்புலதான் சேரும், அதே ரேட்ல வரி உண்டு. 81,500க்கு 14,670 வரி, மொத்தம் 96,170. வித்தியாசம் 270 ரூபாதான், ஆனா வரி குறைச்சு கட்டுனது நான்தான். வாடகை, பேக்கிங் சார்ஜ் எல்லாம் வரி வரிசைக்கு மேல வரணும். டிஸ்கவுண்ட் குடுத்தா அதையும் அங்கயே கழிச்சுட்டு, மிச்சம் நிக்கற வரிக்குரிய மதிப்பு தனியா தெரியணும்.

ரெண்டாவது, பில் நம்பர். பிரிண்ட்ல KLW/2025-26/00041. எண்ணி பாருங்க, 17 எழுத்து. 16க்கு மேல போகக்கூடாது, சாய்கோடும் ஹைஃபனும் கூட கணக்குல சேரும். போர்ட்டல் எடுக்காததால அந்த பையன் ஒரு சைபர தூக்கிட்டு 0041னு ஏத்திட்டான், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அதாவது ஜிஎஸ்டி நம்பர் சரியா இருந்திருந்தா கூட அவங்க சாஃப்ட்வேர்ல பில்லு மேட்ச் ஆகிருக்காது! இனி போடற பில்லுக்கெல்லாம் KLW/25-26/041 மாதிரி சுருக்கிட்டேன், 13தான். ஏப்ரல்ல திரும்ப ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கலாம், நடுவுல நம்பர் விடக்கூடாது.

இப்ப ஃபார்மட்ட அடியோட மாத்திட்டேன். மேல டாக்ஸ் இன்வாய்ஸ்னு தலைப்பு, இடது பக்கம் நம்ம பேர், அட்ரஸ், ஜிஎஸ்டி நம்பர், வலது பக்கம் பில் நம்பர், தேதி, அவங்க பர்ச்சேஸ் ஆர்டர், அதாவது பிஓ நம்பர். அதுக்கு கீழ பக்கத்து பக்கத்துல ரெண்டு பெட்டி, யாருக்கு பில்லு, எங்க டெலிவரின்னு. ரெண்டுலயும் மாநிலம், கோடு தனியா. இந்த ரெண்டு பெட்டி மச்சான் ஃபார்மட்ல இல்ல, கடைக்கு வந்து துணி வாங்கறவனுக்கு அது எதுக்கு. நமக்கு அதுதான் உயிர். பெங்களூர் ஆபீஸே பிஓ போட்டு "ஓசூர்ல இறக்குங்க"ன்னு சொல்லிருந்தா பில்லு 29க்குதான், சரக்கு தமிழ்நாட்ட தாண்டலைன்னாலும் ஐஜிஎஸ்டி. என் கேஸ்ல பிஓ ஓசூர் யூனிட்டோடது, அதனால 33, சிஜிஎஸ்டி எஸ்ஜிஎஸ்டி. வண்டி எங்க போகுதுன்னு பாத்து முடிவு பண்ணாதீங்க, ஆர்டர் எந்த ரெஜிஸ்ட்ரேஷன்ல இருந்து வந்துச்சுன்னு பாருங்க.

மத்ததெல்லாம் வழக்கம்போல: சரக்கு விவரம், சரக்கு வகைக்கான எச்எஸ்என் கோடு (எனக்கு 7307, வருஷ டர்ன்ஓவர் அஞ்சு கோடிக்கு கீழன்னா நாலு டிஜிட் போதும்), எண்ணிக்கை, யூனிட், ரேட், வரி தனித்தனியா, வாங்கறவரே வரி கட்டற ரிவர்ஸ் சார்ஜ் இல்லைன்னு ஒரு லைன், கையெழுத்து. சரக்குக்கு மூணு காப்பி: வாங்கறவருக்கு ஒண்ணு, வண்டிக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணு.

ஜிஎஸ்டி நம்பர அடிக்கறப்ப, மாநில கோடு ரெண்டு டிஜிட்டுக்கு அப்புறம் வர்ற பத்தும் பான் நம்பர். அஞ்சு எழுத்து, நாலு எண், ஒரு எழுத்து. எது O எது சைபர், எது S எது 5னு அத வச்சே புடிச்சிரலாம். புது பார்ட்டின்னா போர்ட்டல்ல தேடி பேரும் ஆக்டிவா இருக்கான்னும் பாத்துட்டுதான் பில்லே போடறேன்.

அக்டோபர்ல 9ஏல நம்பரையும் மதிப்பையும் திருத்தி, அந்த 270ஐயும் வட்டியோட கட்டி, போர்ட்டல்ல இருக்கற 0041 நம்பர்லயே பேப்பரையும் திருத்தி குடுத்தேன். 14ஆம் தேதி ஓசூர் 2பில ஏறுச்சு, ஒரு வாரத்துல 96,170 அக்கவுண்ட்ல விழுந்துச்சு.

போன வாரம் அதே கம்பெனில இருந்து அடுத்த பிஓ வந்துருக்கு. அவங்க ஜிஎஸ்டி நம்பர் எங்க இருக்குன்னா, கடைசி பக்கத்துல, கண்டிஷன்ஸ்க்கு எல்லாம் கீழ, எறும்பு சைஸ் எழுத்துல. மஞ்ச மார்க்கர்ல வட்டம் போட்டு லேத்துக்கு மேல ஒட்டி வச்சிருக்கேன்.