அக்காவின் ஆஸ்பத்திரிக் கிளெயிம்: நிராகரித்த பிறகு நாங்கள் எழுதிய மேன்முறையீடு

அக்காவுக்குக் கடுமையான மனச்சோர்வு. சாப்பாட்டையும் தண்ணீரையும் விட்டுவிட்ட நிலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அனுமதித்தோம். வீட்டுக்கு வந்து, பில்லையும் டயக்னோசிஸ் கார்டையும் திருகோணமலையில் உள்ள காப்புறுதிக் கிளையில் கொடுத்தோம். கொஞ்ச நாளில் பதில் வந்தது: இது நோய் அல்ல, ஓய்வுக்காகவும் மன அழுத்தத்துக்காகவும் எடுத்த அனுமதி, ஆகவே பணம் இல்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் கோபத்தை எழுதி அனுப்பிப் பிரயோசனமில்லை என்று அத்தான் சொன்னார், அது சரிதான். எந்த வாசகத்தின் கீழ் மறுத்தீர்கள், அதன் இலக்கம் என்ன என்று மட்டும் எழுத்தில் கேட்டோம். இலக்கம் வந்ததும் பொலிசிப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தோம்.

வரைவிலக்கணப் பகுதியில் 'நோய்' என்பதற்கு இருந்த விளக்கம் இவ்வளவுதான்: பதிவு பெற்ற மருத்துவரின் சிகிச்சை தேவைப்படுகிற, இயல்பான செயற்பாட்டைக் குலைக்கிற நோய்நிலை. உடல் நோய் மட்டும் என்று எங்கேயும் இல்லை. விலக்குப் பட்டியலில் ஓய்வுச் சிகிச்சை, போதைப் பழக்கம் எல்லாம் இருக்கிறது, மனநோய் இல்லை. (உங்கள் பொலிசியில் மனநோய் விலக்கு என்று நேரடியாகவே எழுதியிருந்தால் இந்த வாதம் நிற்காது, அதை முதலில் பாருங்கள்.)

இனி அக்காவின் நிலை அந்த விளக்கத்துக்குள் வருகிறது என்று காட்ட வேண்டும். டயக்னோசிஸ் கார்டில் ஒற்றை வரிதான் இருந்தது, அதை வைத்து ஓய்வு என்று யாரும் சொல்லிவிடலாம். மனநல மருத்துவரிடம் விரிவான அறிக்கை கேட்டோம். அக்காவின் கையொப்பத்தோடு சம்மதக் கடிதம் கொடுத்த பிறகே எழுதித் தந்தார், குடும்ப விஷயங்களை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. நோயின் பெயரோடு சர்வதேச நோய் வகைப்பாடான ஐ.சி.டி-10 இல் அதற்குரிய குறியீடு F32.2, முதலில் அறிகுறி தெரிந்த காலம், கிளினிக்கில் மாத்திரை கொடுத்துப் பார்த்தும் குறையாதது, உணவு மறுப்பால் நீரிழப்பு, தற்கொலை ஆபத்து, வார்டில் கொடுத்த சேலைன், மின் அதிர்வுச் சிகிச்சை எல்லாம் அதில் இருந்தன. அறிகுறி தெரிந்த காலம் முக்கியம், அது இல்லாவிட்டால் பொலிசிக்கு முன்பே இருந்த நோய் என்று மறுப்பதற்கு அடுத்த கதவைத் திறந்துகொள்வார்கள்.

மேன்முறையீட்டுக் கடிதம் ஒரு பக்கம்தான். அவர்களின் வரைவிலக்கணத்தை அப்படியே எடுத்தெழுதி, ஒவ்வொரு துண்டுக்கும் நேரே அறிக்கையின் எந்தப் பந்தி பதில் சொல்கிறது என்று காட்டினோம். ஓய்வு எடுக்க வந்தவருக்கு எதற்கு மயக்க மருந்து கொடுத்து மின் அதிர்வு என்று அத்தான் கேட்ட கேள்வியையும் கொஞ்சம் நாகரிகமாக மாற்றிச் சேர்த்தேன். வாசகம் இரண்டு பொருள் தந்தால், அதை எழுதிய நிறுவனத்துக்கு எதிராகவே பொருள்கொள்ள வேண்டும் என்ற ஒப்பந்தச் சட்டக் கோட்பாட்டையும் போட்டோம். பதிவுத் தபாலில் தலைமையகத்துக்கு அனுப்பி, பிரதியைக் கிளையில் முத்திரை வாங்கி வைத்துக்கொண்டோம். மறுபடியும் மறுத்திருந்தால் அந்தப் பதிலோடு, காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடம் போவதாக இருந்தோம்.

தேவைப்படவில்லை. அறை வாடகையில் நாளாந்த உச்சவரம்புக்கு மேலானதைக் கழித்துவிட்டு மீதியைத் தந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு வாங்கும் மாத்திரைகளுக்கு மட்டும் தரவில்லை. அனுமதிக் காலச் செலவுக்குத்தான் பொலிசி என்று அதில் தெளிவாகவே எழுதியிருக்கிறது, அதற்கு நாங்கள் வாதாடவும் இல்லை.