வேட்டி நனைந்த நீர்ச் சோதனை

வளைகுடாவில் ஒன்பது ஆண்டுகள் கழிவுநீர்க் குழாய்ப் பராமரிப்பு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியபோது, என் பெட்டியில் பேரீச்சம்பழத்துக்கும் தைலப் புட்டிகளுக்கும் நடுவே, முழங்கையில் பாதி நீளமுள்ள கறுப்பு ரப்பர்ப் பொருள் ஒன்று இருந்தது. ஒரு முனையில் கார் டயரில் உள்ளது போன்ற வால்வும், இரு முனைகளிலும் இரும்பு வளையங்களும் கொண்ட அதை அக்கா பிள்ளைகள் புரட்டிப் புரட்டிப் பார்த்து, "மாமா, இதுல விளையாடுறது எப்படி?" என்று கேட்டார்கள். அது குழாயை அடைத்துச் சோதனை செய்யும் டெஸ்ட் பிளக் என்றும், வேலை இடத்தில் நாங்கள் பலூன் என்றுதான் அதைச் சொல்வோம் என்றும் விளக்கியது என் தவறு. பலூன் என்ற சொல் காதில் விழுந்த பிறகு அவர்கள் அதற்குக் கொடுத்த மரியாதை முற்றிலும் குறைந்துவிட்டது.

அந்தப் பலூனுக்கு வேலை வந்தது சென்ற வைகாசியில். தேவிபட்டினத்துக்கு வடக்கே கடற்கரை ஓரமாக உள்ள அக்கா வீட்டின் பின்புறம் இரண்டு சேம்பர்கள் உண்டு. முதல் சேம்பர் குளியலறைச் சுவரை ஒட்டியும், இரண்டாவது செப்டிக் டேங்குக்கு முன்பாகவும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே பன்னிரண்டு மீட்டர் நீளத்துக்கு, வழியில் எந்தக் கிளையும் சேராமல், நாலு அங்குல பி.வி.சி. குழாய் மணலுக்கு அடியில் ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் நடுப்பகுதியில் நிற்கும் தென்னை மட்டும், தெருவில் மற்றத் தென்னைகள் எல்லாம் உப்புக்காற்றில் வாடி நிற்கும்போது, கல்யாண வீட்டுப் பந்தல் போல் செழித்து நின்றது. அக்கா அதைத் தன் கைராசி என்றாள். பக்கத்து வீட்டுப் பெரியவரோ, தம் கிணற்றில் வாடை வருவதாகவும், அந்தத் தென்னையின் செழிப்புக்கும் அந்த வாடைக்கும் ஊற்று ஒன்றுதான் என்றும் இரண்டு மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சந்தேகத்தின் பேரில் பன்னிரண்டு மீட்டரையும் தோண்டிப் பார்ப்பதைவிட, குழாய்க்குள் தண்ணீரை நிறுத்திப் பார்ப்பது எளிது. கீழ்ச் சேம்பருக்கு வந்து சேரும் குழாய் வாயில் பலூனை நுழைத்துக் காற்றடித்து அடைத்துவிட வேண்டும். மேல்ச் சேம்பரில், குழாய் புறப்படும் வாயில் ஒரு எல்போவை மாட்டி, அதன் மேல் அதே அளவுக் குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, மேல் முனைக் குழாயின் அடிமட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிரப்ப வேண்டும். பிறகு அந்த நீர்த்தூணின் மட்டம் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தால் போதும். நிரப்புவது மேலிருந்துதான் என்றாலும் தண்ணீர் சரிவில் ஓடிப் பலூனைத் தொட்டுப் பின்னோக்கி நிறைந்து வருவதால், உள்ளே இருக்கும் காற்று தானாகவே மேல் முனை வழியே வெளியேறிவிடும். எல்போ மாட்டுவதற்குக் குழாய் முனை சேம்பர் சுவரைத் தாண்டிச் சிறிது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அது சுவரோடு சேர்த்து அறுக்கப்படாமல் கையகலம் நீட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து, வீடு கட்டும்போது 'அரைகுறை வேலை' என்று நான் திட்டிய கொத்தனாரை மனத்துக்குள் வாழ்த்தினேன்.

தண்ணீர் எங்கே என்ற கேள்வி அடுத்து வந்தது. நம் கரையில் நல்ல தண்ணீர் எண்ணிப் பார்த்துச் செலவழிக்கும் பண்டம். குழாயின் உட்புறம் ஏறத்தாழ 104 மில்லிமீட்டர் இருந்ததால், ஒரு மீட்டருக்கு எட்டரை லிட்டர் பிடிக்கும். பன்னிரண்டு மீட்டருக்கும் மேலே நிற்கும் தூணுக்குமாகச் சேர்த்தால் 115 லிட்டர், அதாவது ஏறக்குறைய எட்டுக் குடம். அக்கா குடங்களின் எண்ணிக்கையைக் கேட்டதும் அடுப்படி வாசலில் வந்து நின்றுகொண்டாள். சோதனைக்கு உவர்நீரே போதும் என்று சொல்லிக் கிணற்றில் இறைத்த பிறகுதான் உள்ளே போனாள். அந்தக் கிணற்றில் தண்ணீர் இரண்டு ஆள் ஆழத்துக்குக் கீழே கிடந்ததும் எனக்கு வசதியாயிற்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊற்றுமட்டம் குழாய்க்கு மேலே ஏறி நிற்கும்போது இந்தச் சோதனையைச் செய்தால், வெளித் தண்ணீர் எதிர்த்துத் தள்ளுவதால் ஓட்டைக் குழாய்கூட நல்ல குழாய் போல் நடிக்கும்.

வீட்டில் யாரும் தண்ணீர் விடக்கூடாது என்று உத்தரவிட்டுவிட்டு, பலூனை உள்ளே தள்ளினேன். அதன் உடலில் குறித்திருந்தபடி, பைக் டயருக்குச் சொல்வது போல, இருபத்தைந்து காற்று வைக்க வேண்டும். மச்சானின் சைக்கிள் பம்பு அந்த வால்வில் உட்காரவில்லை. வாடகைக் கார் ஓட்டும் தம்பியிடம் இரவல் வாங்கிய கால் பம்புதான் உதவியது. எட்டுக் குடத்தையும் ஊற்றி நிமிர்ந்தால், தூணில் மட்டம் கண்ணெதிரே இறங்கியது. "நான் அப்போதே சொன்னேனே" என்றார், சுவருக்கு அந்தப் பக்கம் முக்காலி போட்டு ஏறி நின்ற பெரியவர்.

மட்டம் இறங்கினால் குழாயைக் குற்றம் சொல்லும் முன் பலூனைப் பார்க்க வேண்டும். கீழ்ச் சேம்பரில் குனிந்து பார்த்தேன். பலூனின் அடிப்புறத்தில் ஒரு மெல்லிய இழை போல் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. குழாயின் அடியில் ஒட்டியிருந்த வழுவழுப்பையும் நாலைந்து மணல் பொடிகளையும் நான் துடைக்காமல் விட்டதன் விளைவு அது. ரப்பர் எவ்வளவு உப்பினாலும் மணல் பொடிக்கு அடியில் இருக்கும் மயிரிழை இடைவெளியை நிரப்பாது. தண்ணீரை இறக்கி, பலூனை எடுத்து, குழாய் வாயைப் பழைய சேலைத் துணியால் ஒரு முழத்துக்குத் துடைத்து மறுபடி அடைத்தேன். மறுபடியும் எட்டுக் குடம். அக்கா மறுபடியும் வாசலில் வந்து நின்றாள்.

இம்முறை பலூனின் முகம் காய்ந்து கிடந்தது. தூணின் உச்சியில் நூல் கட்டிய ஒரு ஈர்க்குச்சியை அளவுகோலாகத் தொங்கவிட்டு, நீர்மட்டத்தில் நகத்தால் கீறி வைத்தேன். நாங்கள் அங்கே கைக்கொண்ட பிரிட்டிஷ் கணக்குப்படி, இந்த அளவுக் குழாயில் ஒரு மீட்டருக்கு அரை மணி நேரத்தில் 50 மில்லி வரை குறையலாம். பன்னிரண்டு மீட்டருக்கு 600 மில்லி. என் தூணில் அது ஏழு சென்டிமீட்டர் இறக்கம். புதிதாக ஒட்டிய பி.வி.சி. அவ்வளவுகூட விடாது. பத்து நிமிடம் கழித்து ஈர்க்கை எடுத்தால், ஈரம் நாற்பது சென்டிமீட்டர் கீழே போயிருந்தது. அதாவது மூன்று லிட்டருக்கு மேல் மணலுக்குள் போயிருந்தது.

அப்போதுதான் அது நடந்தது. பெரியவர் சுவரேறிப் பார்த்தது போதாதென்று, வாசலைச் சுற்றி வந்து, துவைத்து மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டியோடு கீழ்ச் சேம்பரின் ஓரத்தில் குத்துக்காலிட்டு, "இந்தப் பலூன்தானா?" என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேல்ச் சேம்பரிலிருந்து மச்சானிடம், "தண்ணியை இறக்கிட்டுக் காத்தை விடணும் மச்சான்" என்றேன். கடல் காற்றில் அந்த வாக்கியத்தின் முன்பாதி தொண்டிப் பக்கம் போய்விட்டது. பின்பாதி மட்டும் மச்சானை அடைந்தது. அவர் வால்வை அழுத்தினார். தூண் முழு உயரத்தில் நிற்கும்போது, இருபது சென்டிமீட்டர் சரிவையும் சேர்த்து, பலூனின் முதுகில் பதினாலு கிலோவுக்கு மேல் பாரம் இருக்கும். மட்டம் இறங்கிய பிறகும், முக்கால் குடத் தண்ணீரைத் தலையில் வைத்தாற்போல ஒரு பாரம் அதைத் தள்ளிக்கொண்டுதான் இருந்தது. இறுக்கம் தளர்ந்ததும் பலூன் 'டப்' என்ற ஓசையோடு எதிர்ச் சுவரில் மோதியது. பின்னாலேயே நூறு லிட்டர் தண்ணீரும், குழாய் பல ஆண்டுகளாகச் சேமித்து வைத்திருந்த மற்றவையும் ஒரே மூச்சில் வந்து சேம்பரை நிறைத்து மேலெழுந்தன. வளையத்தில் நான் கட்டியிருந்த கயிற்றால் பலூன் செப்டிக் டேங்குக்குள் போகாமல் தப்பியது. பெரியவரின் வேட்டிக்கு அப்படி எந்தக் கயிறும் இல்லை.

அவர் குளித்து வேறு வேட்டி உடுத்தி வரும்வரை வேலையை நிறுத்தி வைப்பதே மரியாதை என்று பட்டது. இடைவேளையில் இடத்தைக் கண்டுபிடிக்க வழி செய்தேன். மூன்று மீட்டர்க் குழாய்கள் நாலு என்பதால் உள்ளே இணைப்புகள் மூன்று. மேலிருந்து 3, 6, 9 மீட்டரில். நைலான் தூண்டில் நரம்பில் ஒரு வலைத்தக்கையைக் கட்டி, மேல்ச் சேம்பரிலிருந்து ஒரு வாளித் தண்ணீரோடு விட்டேன். அது மிதந்துகொண்டு கீழே வந்து சேர்ந்தது. நரம்பின் முனையில் கயிற்றைக் கட்டி இழுத்து, அந்தக் கயிற்றால் பலூனை ஆறு மீட்டருக்கு ஒரு சாண் முன்பாகவே நிறுத்தி, நீண்ட காற்றுக்குழல் வழியாக ஊதினேன். மேல்பாதியில் மட்டும் தண்ணீர் நின்றது. முதல் பத்து நிமிடத்தில் இரண்டு சென்டிமீட்டர் இறங்கியது. ஒளிந்திருந்த காற்றுக் குமிழிகள் வெளியேறும் கணக்கு அது. மறுபடி நிரப்பிவிட்டு அரை மணி நேரம் பார்த்ததில் ஈர்க்கில் அரை சென்டிமீட்டர்கூட மாறவில்லை. பலூனை ஒன்பது மீட்டருக்குச் சற்று முன்பு வரை இறக்கிய மறுகணமே மட்டம் பழையபடி ஓடத் தொடங்கியது. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஆறாவது மீட்டர் இணைப்பு ஒன்றுதான். நாடா பிடித்து அளந்தால் நாடாவின் முனை தென்னையின் தூரில் போய் முட்டியது.

முழங்கால் ஆழத்தில் குழாய் தெரிந்தது. சாக்கெட்டுக்குள் சொருகிய குழாயில் சொல்யூஷன் தடவிய அடையாளமே இல்லை. வெறுமனே சொருகி மண்ணைப் போட்டிருந்தார்கள். அந்த இடைவெளி வழியே தென்னையின் வேர்கள், குழந்தையின் தலைமுடி போல் கொத்தாக உள்ளே இறங்கியிருந்தன. நான் வாழ்த்திய கொத்தனாரின் கணக்கு அன்றே நேராகிவிட்டது. அந்த இடத்தை அறுத்தெடுத்துப் புதுத் துண்டும் ரிப்பேர் கப்ளரும் போட்டு, ஒட்டியது காய ஒரு நாள் விட்டு, மண் மூடும் முன் முழு ஓட்டத்தையும் மறுபடி நிரப்பிப் பார்த்தேன். அரை மணியில் ஒரு சென்டிமீட்டர்தான் இறங்கியது. இம்முறை, குழலை இறக்கித் தண்ணீரை முதலில் வடித்துவிட்டுத்தான் வால்வின் பக்கமே மச்சானை விட்டேன்.

பெரியவர் கிணற்று வாடை இந்தக் கசிவால்தானா என்று இந்தச் சோதனை சொல்லாது என்பதை அவரிடம் நேர்மையாகச் சொன்னேன். அப்படியென்றால் தம் வீட்டுக் குழாயையும் பார்த்துவிடலாமே என்று, இரண்டடி தள்ளி நின்றே கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுச் சேம்பரில் பலூனை அடைத்தோம். பலூன் முகம் காய்ந்தே இருந்தது. பன்னிரண்டு குடம் ஊற்றினோம். தூணில் தண்ணீர் தலைகாட்டவே இல்லை. அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "பலூன் பழசாயிடுச்சு தம்பி" என்றார்.