முதல் அலவன்ஸ் வருவதற்குள் இரண்டு வாடகை

சுங்கை சிப்புட்டிலிருந்து நான்கு மாத தொழிற்பயிற்சிக்காகக் கோலாலம்பூர் கிளம்பியபோது என் கணக்கு ஒரு பக்கத் தாளில் முடிந்துவிட்டது. அலவன்ஸ் மாதம் 1,000 வெள்ளி. வாடகை 450, சாப்பாடு 450, ரயில் பாஸ் 50, மிச்சம் 50. அம்மாவிடம் காட்டினேன், அவருக்கும் சரியாகத்தான் பட்டது. தொகையெல்லாம் சரிதான். தேதியைத்தான் நான் பார்க்கவில்லை.

ஜூலை 1 வேலையில் சேர்கிறேன். அலவன்ஸோ மாதம் முடிந்து ஆகஸ்ட் 7-ஆம் தேதிதான் வங்கிக்கு வரும். அந்த 38 நாளையும் கைக்காசில்தான் ஓட்ட வேண்டும். அறைக்குள் நுழையும்போதே முதல் மாத வாடகை 450, ஒரு மாத முன்பணம் 450, தண்ணீர் மின்சாரத்துக்கான முன்பணம் 225. சாப்பாட்டுக்கு நாளுக்கு 15 வெள்ளி என்றால் 570. பாஸ் இரண்டு முறை, 100. அதற்குள் ஆகஸ்ட் 1 வந்து இன்னொரு 450 கேட்கும். மொத்தம் 2,245. அப்பா கொடுத்ததும் என் சேமிப்பும் சேர்ந்து 1,500 இருந்தது.

அறை தேடும்போது பத்துமலைப் பக்கம் 320 வெள்ளிக்கு ஒன்று கிடைத்தது. 130 வெள்ளி மிச்சம் என்று ஆசையாக இருந்தது. ஆனால் என் அலுவலகம் கெரிஞ்சி எல்ஆர்டி நிலையத்தின் அருகில். பத்துமலையிலிருந்து வருவது கொமுட்டர் ரயில், 50 வெள்ளி மை50 பாஸ் அதில் செல்லாது. எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், ரேப்பிட் பேருந்துகளுக்கு மட்டும்தான். முழுக் கட்டணத்தில் கொமுட்டருக்கே மாதம் நூறு வெள்ளியை ஒட்டி ஆகும், அதன் மேல் எல்ஆர்டிக்குப் பாஸ். ஒரு ரயிலை விட்டால் அரை மணி காத்திருப்பு வேறு. செந்தூல் தீமோர் பக்கத்து அறை 450 என்றாலும் மஸ்ஜித் ஜாமெக்கில் ஒரே ஒரு மாற்றம், எல்லாம் பாஸுக்குள். ஊருக்குப் போகும் பேருந்து நிலையமும் அதே பாதையில் பண்டார் தாசேக் செலாத்தானில் இருக்கிறது. செந்தூலையே எடுத்தேன்.

மை50 மலேசியக் குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும். திருச்சியிலிருந்து பயிற்சிக்கு வந்திருந்த என் அறைத்தோழிக்கு அது கிடைக்கவில்லை, ஒவ்வொரு பயணத்துக்கும் காசு. அப்படி வருபவர்கள் கொஞ்சம் வாடகை கூடினாலும் நடந்து போகும் தூரத்தில் அறை பார்ப்பதுதான் நல்லது.

பற்றாக்குறை 745 வெள்ளி. வீட்டுக்கார ஆண்ட்டியிடம் நேராகவே கேட்டேன்: “ஆண்ட்டி, எனக்கு 7-ஆம் தேதிதான் காசு வரும். வாடகையை 10-ஆம் தேதி கொடுக்கலாமா? கரண்டு முன்பணத்துல 100 இப்ப, மீதி 125 அடுத்த மாசம்?”

“கொடும்மா. ஆனா வாட்ஸ்அப்ல எழுதி அனுப்பிடு, பிறகு எனக்கும் ஞாபகம் இருக்காது, உனக்கும் இருக்காது.”

அந்த ஒரு பேச்சில் 575 வெள்ளி தள்ளிப்போனது. சாவி வாங்குவதற்கு முன்னால் கேட்டதால்தான் அது நடந்தது என்று நம்புகிறேன். உள்ளே குடிவந்த பிறகு கேட்டால் அது கடன் கேட்பது மாதிரி ஆகிவிடும்.

மீதி 170 சாப்பாட்டில்தான் வர வேண்டும். விளம்பரத்தில் ‘லைட் குக்கிங்’ என்று இருந்தது. என்ன அர்த்தம் என்று கேட்டதில், சோறு, முட்டை, மெகி ஆகும். சம்பல் வதக்குவது, மீன் பொரிப்பது ஆகாது. சரி, ரைஸ் குக்கர் போதும். காலையில் சோறு வைக்கும்போதே மேல் தட்டில் முட்டையும் கீரையும் வைத்துவிடுவேன். ஒரு டின் சார்டினில் வெங்காயமும் எலுமிச்சைச் சாறும் கலந்தால் இரண்டு வேளைக்கு வரும். மதியம் அலுவலகத்தருகே வாங்கினால் 13, 14 வெள்ளி போய்விடும். அதை டப்பாவுக்கு மாற்றினேன். ராத்திரி மட்டும் மாமாக் கடையில் ரொட்டி சானாய், தே ஓ. நாளுக்கு 10 வெள்ளிக்குள் நின்றது, 190 மிச்சமானது. காகிதத்தில் 20 வெள்ளி கையிருப்பு.

அந்த இருபதும் முழுதாக நிற்கவில்லை. பாஸ் 30 நாளுக்குத்தான், மாதத்துக்கு அல்ல. ஜூலை 1 வாங்கியது 30-ஆம் தேதியோடு முடிந்தது. 31-ஆம் தேதி காலை கேட்டில் அட்டையைத் தொட்டதும் மீதத் தொகையிலிருந்து கட்டணம் கழிந்தது. அதன் பிறகு முடியும் தேதியை அட்டை உறையிலேயே பேனாவால் எழுதி வைத்தேன்.

கடைசி மாத வாடகையை முன்பணத்தில் கழித்துக்கொள்ளலாமா என்று அக்டோபர் தொடக்கத்தில் கேட்டேன். ஆண்ட்டி ஒத்துக்கொண்டார். மின்சார முன்பணத்தை மட்டும் பில் வந்ததும் பார்ப்போம் என்றார். குடிவந்த நாளில் எடுத்த மீட்டர் படத்தையும் காலி செய்த நாள் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். என் பங்கு 38 வெள்ளி போக, 187 வெள்ளி நவம்பரில் கணக்குக்கு வந்தது.