கொழிஞ்சாம்பாறை டெமோவும் மூன்றாவது மெசேஜும்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கொப்பரை வியாபாரிக்கு எங்கள் பில்லிங் சாஃப்ட்வேரைக் காட்டி முடித்தபோது பகல் ஒன்றரை மணி. இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள், சாப்பாடும் போட்டார்கள். "நல்லாத்தான் இருக்குதுங்க, பேசிட்டுச் சொல்றோம்" என்றார் பெரியவர். கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சி வந்து சேர்வதற்குள் இந்த ஆர்டர் நமக்குத்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். அப்புறம் பதினோரு நாள் ஒரு பேச்சும் இல்லை.

அந்தப் பதினோரு நாளில் நான் சும்மா இருக்கவில்லை, அதுதான் பிரச்சினை. டெமோ முடிந்த அன்று இரவே வாட்ஸ்அப்பில் ஒரு நீண்ட மெசேஜ் அனுப்பினேன். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, எங்கள் மென்பொருளின் சிறப்பம்சங்கள் பின்வருமாறு என்று ஆரம்பித்து ஸ்டாக், பாக்கி வசூல், ஜி.எஸ்.டி. ரிப்போர்ட், மொபைல் ஆப், பேக்கப் என்று பதினான்கு வரி. கூடவே ஆறு பக்க பி.டி.எஃப். கடைசியில் 'தங்கள் மேலான கருத்தை எதிர்பார்க்கிறோம்'. இரண்டு நீல டிக் விழுந்தது, அவ்வளவுதான். ஐந்தாம் நாள், 'ஐயா, பார்த்தீர்களா?' என்று ஒரு வரி. அதற்கும் நீல டிக்.

பார்த்தார்தான், பதில் சொல்ல அதில் என்ன இருந்தது? மேலான கருத்து என்று கேட்டால் களத்தில் கொப்பரை காயப்போட்டுக்கொண்டிருக்கிற மனிதர் என்ன எழுதுவார்? பதினான்கு வசதியில் அவருக்கு எது வேண்டும் என்பதையும் அவரே தேடி எடுக்க வேண்டும், அடுத்து என்ன செய்வது என்பதையும் அவரே யோசிக்க வேண்டும். என் வேலையை அவர் தலையில் கட்டிவிட்டு, பார்த்தீர்களா என்று வேறு கேட்டிருக்கிறேன்.

பதினோராம் நாள், சனிக்கிழமை, டெமோவின்போது எழுதிய நோட்டை எடுத்துப் பார்த்தேன். எங்கள் ஆபீசில் டெமோவுக்குப் போனால் நாம் காட்டியதை எழுதக்கூடாது, அவர்கள் கேட்டதை எழுத வேண்டும் என்று ஒரு பழக்கம். மூன்று பேர் இருந்தார்கள். பெரியவரின் மகன் மொபைல் ஆப்பைப் பற்றி நான்கைந்து கேள்வி கேட்டார். பெரியவர் விலையைத் தவிர அதிகம் கேட்கவில்லை. கணக்குப் பார்க்கிற அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வே பில்லுக்குத் திரும்ப அடிக்கணுமா?" அதை அவர் கேட்டதும் பெரியவர் நிமிர்ந்து பார்த்து, போன மாதத்து லாரிக் கதையைச் சொன்னார். அந்தக் கதையை அரை வரியில் குறித்து வைத்திருந்தேன். இரண்டு மெசேஜிலும் அதைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை.

அங்கே நடப்பது இதுதான். லோடு ஏற்றி, வே பிரிட்ஜில் எடை போட்ட பிறகுதான் பில்லே போட முடியும். எடை தெரியாமல் தொகை தெரியாது. அவர்கள் சரக்கு பெரும்பாலும் காங்கேயம் எண்ணெய் மில்லுக்குப் போகிறது. கேரளாவிலிருந்து தமிழ்நாட்டுக்கு, 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு என்றால், அக்கா கேட்ட அந்த வே பில், அதாவது அரசுத் தளத்தில் எடுக்கிற ஈ-வே பில் என்ற சரக்குச் சீட்டு, இல்லாமல் லாரி நகரக்கூடாது. கொப்பரை ஒரு டன்னே அந்தத் தொகையைத் தாண்டிவிடும். அக்கா முதலில் எக்செலில் பில் அடிப்பார். பிறகு ஈ-வே பில் தளத்தைத் திறந்து வாங்குபவர் ஜி.எஸ்.டி. எண், பில் எண், எடை, தொகை, வரி, லாரி நம்பர் என்று அதே விவரங்களைத் திரும்ப அடிப்பார். டிரைவர் கேபினில் உட்கார்ந்து ஹார்ன் அடித்துக்கொண்டிருப்பார்.

போன மாதம் தளத்தில் அடிக்கும்போது தொகையில் ஒரு சைபர் விட்டுப்போனது. லாரி நம்பர் தவறினால் 'பார்ட் பி'யில் மாற்றிக்கொள்ளலாம். தொகையும் பில் விவரமும் இருக்கிற 'பார்ட் ஏ'வைத் திருத்த முடியாது. 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். லாரி கிளம்பிப் பாதி வழி போன பிறகு தெரிந்ததால் ஓரங்கட்டி நிறுத்தச் சொல்லி, ரத்து செய்து, புதிதாகப் போட்டு டிரைவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். காங்கேயம் போய்ச் சேர்வதற்குள் இறக்கும் ஆட்கள் போய்விட்டார்கள். லாரி இரவு அங்கேயே நின்றது, ஹால்டிங் காசு பெரியவர் கையிலிருந்து போனது.

சரி, சொல்ல வேண்டிய பயன் இது ஒன்றுதான் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் இன்னொன்றைச் சேர்க்கக் கை துடித்தது. வாங்குபவர் ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் 32 என்றால் கேரளா, 33 என்றால் தமிழ்நாடு. அதைப் பார்த்து எங்கள் சாஃப்ட்வேர் வேறு மாநிலத்துக்கு விற்றால் வரும் ஐ.ஜி.எஸ்.டி.யா, அதே மாநிலத்துக்குள் விற்றால் வரும் சி.ஜி.எஸ்.டி.-எஸ்.ஜி.எஸ்.டி.யா என்று தானே பிரித்துவிடும். எல்லையோர ஊரில் டெமோ காட்டினால் நான் பெருமையாகக் காட்டுகிற இடம் இது. ஆனால் இவர்களுக்கு வாங்குபவர்கள் ஏறக்குறைய எல்லாருமே தமிழ்நாடு. அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஐ.ஜி.எஸ்.டி. போடுகிறார், அதில் ஒருமுறைகூடத் தப்பு வந்ததில்லை. அவர்களுக்கு இல்லாத வலிக்கு நான் மருந்து விற்கத் தேவையில்லை என்று அதை விட்டுவிட்டேன்.

பயனை யாருடைய கண்ணில் சொல்வது என்பது அடுத்த கேள்வி. இரண்டு தடவை அடிப்பது அக்காவின் கஷ்டம். காசு கொடுப்பவர் பெரியவர். அவருக்கு உறைப்பது டைப்பிங் இல்லை, ஏற்றிய லாரி வாசலில் நிற்பது. எனவே இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கோர்க்க வேண்டியிருந்தது. 'பிழையே வராது' என்று முதலில் எழுதி, அழித்தேன். எடையையே தப்பாக அடித்தால் பில், ஈ-வே பில் இரண்டிலும் தப்பாகத்தான் வரும். 'நான்கு நிமிடத்தில்' என்று எழுதியதையும் அழித்தேன். அது என் லேப்டாப்பில், நானே அடித்து, நெட் நன்றாக இருந்தபோது ஆன நேரம்.

அடுத்து அவர் செய்ய வேண்டியது என்ன? வாங்குகிறீர்களா என்று கேட்டால் அது பெரிய கேள்வி, மகனோடும் ஆடிட்டரோடும் பேச வேண்டும். இன்னொரு டெமோ என்றால் அவருக்கு அது வெறும் நேரச் செலவு. அவர்களுக்கு லோடு போகும் நாள் திங்களும் வியாழனும். அதில் ஒரு லோடைப் பிடித்துக்கொண்டேன். சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு மேல், களத்தில் கூலிக் கணக்கு முடித்திருப்பார் என்று பார்த்து அனுப்பியது இது:

"ஐயா, வணக்கமுங்க. பொள்ளாச்சியிலிருந்து பில்லிங் சாஃப்ட்வேர் காட்ட வந்த பையன். அக்கா இப்போது பில்லுக்கு ஒரு தடவை, வே பில்லுக்கு ஒரு தடவை அடிக்கிறாங்க. இதில் ஒரு தடவை அடித்தால் இரண்டும் வந்துவிடும். அதற்காக ஏற்றிய லாரி நிற்க வேண்டியதில்லை. வியாழக்கிழமை காங்கேயம் லோடு ஒன்றுக்கு மட்டும் இதில் போட்டுப் பார்க்கலாமுங்களா? சரின்னா காலை 9 மணிக்கு வந்துடறேன்."

பி.டி.எஃப். இல்லை, விலை இல்லை. விலை முதல் நாளே தெரியும், கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். ஞாயிறு காலை ஆறே காலுக்குப் பதில் வந்தது. ஒரே சொல்: "வாங்க."

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வியாழன் ஒன்பது மணிக்கு முன்பே போய் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் சாஃப்ட்வேரிலிருந்து நேராக ஈ-வே பில் போக வேண்டும் என்றால், அரசுத் தளத்தில் அவர்கள் லாகின் வழியாக ஒரு அனுமதி கொடுக்க வேண்டும். `Registration` மெனுவில் `For GSP` என்று இருக்கும். அதைத் தொட்டால் பதிவு செய்த மொபைலுக்கு ஓ.டி.பி. வரும். அதைப் போட்டு, நாங்கள் இணைந்திருக்கிற இடைநிலை நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, தனியாக ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வைத்தால் முடிந்தது. பத்து நிமிட வேலை. அக்கா தொட்டார், ஓ.டி.பி. போனது. பெரியவர் போனில் வரவில்லை, மகன் போனிலும் வரவில்லை. ஜி.எஸ்.டி. பதிவு எடுத்த காலத்தில் ஆடிட்டர் தன் நம்பரையே கொடுத்து வைத்திருக்கிறார். பாலக்காட்டுப் பக்கம் சித்தூரில் இருக்கிற அவர் அன்று போனை எடுக்கவில்லை.

இது ஊரில் பாதிக் கடைகளில் இருக்கிற கதை, எனக்கு முன்பே தெரியும். டெமோ அன்றே 'ஓ.டி.பி. யார் போனுக்கு வரும்?' என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. லாரி நின்றுகொண்டிருந்தது, அக்கா ஒன்றும் சொல்லாமல் எக்செலைத் திறந்து பழையபடி அடிக்க ஆரம்பித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து எடையைப் படித்துச் சொன்னேன், வேறென்ன செய்ய? பெரியவர் கோபப்படவில்லை. "வந்ததுக்கு டீயாவது குடிச்சுட்டுப் போங்க" என்றார். அது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

பஸ் ஏறும் முன்பே அடுத்த மெசேஜ் அனுப்பினேன். மன்னிப்பு ஒரு வரி. அடுத்த வரி: "ஆடிட்டரிடம் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்க, திங்கள் காலை 10 மணிக்கு ஓ.டி.பி. வரும், அதை அக்காவிடம் சொன்னால் போதும்." ஆடிட்டரை நானே கூப்பிட்டிருக்கலாம். ஆனால் முன்பின் தெரியாத சாஃப்ட்வேர்காரன் ஓ.டி.பி. கேட்டால் எந்த ஆடிட்டர் கொடுப்பார்? கொடுக்கவும் கூடாது.

திங்கள் காலை ஆடிட்டர் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். மாதாமாதம் தனக்கு விற்பனை விவரம் எப்படி வரும், எக்செலாக வருமா என்று விசாரித்தார். வரும் என்று சொல்லி ஒரு மாதிரி ஃபைல் அனுப்பிய பிறகுதான் அக்காவுக்கு ஆறு இலக்கம் போனது. நான் பொள்ளாச்சியிலிருந்தே அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடைச் சீட்டு வந்தது. அக்கா எடையை அடித்தார், லாரி நம்பரை அடித்தார், பில் வந்தது, அடுத்த பட்டனில் ஈ-வே பில் எண் வந்தது. கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. பிறகு, "இனி அந்தத் தளத்தைத் திறக்கவே வேண்டாமா?" என்றார். ரத்து செய்வதும் லாரி மாற்றுவதும் இதிலேயே செய்யலாம், ஆனால் அரசுத் தளம் படுத்துவிட்டால் இதுவும் படுத்துவிடும் என்று சொன்னேன்.

புதன்கிழமை பெரியவர் பாதித் தொகையை அனுப்பினார். மீதி ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மகன் இன்னும் மொபைல் ஆப்பைப் பற்றித்தான் கேட்கிறார்.