வாயால் சொன்ன புகாருக்கு நாள் கணக்கு இல்லை

பெங்களூரு பீன்யாவில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஓர் ஆலையில் நான் தர ஆய்வாளராக இருந்தபோது, இரவுப் பணிப் படியாக ஓர் இரவுக்கு 150 ரூபாய் தருவார்கள். 2023இல் இரண்டு மாதங்களில் 22 இரவுகள் வேலை பார்த்த எனக்கு 13 இரவுகளுக்கு மட்டுமே படி வந்திருந்தது. மேற்பார்வையாளரிடம் மூன்று வாரம் வாயால் கேட்டுவிட்டு மனிதவளப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த அம்மா கேட்டது ஒரே கேள்வி: "எழுதிக் கொடுத்த தேதி என்ன?"

எங்கள் நிறுவன விதியில் மேற்பார்வையாளருக்கு 7 நாள், மனிதவளப் பிரிவுக்கு 10 நாள், குறைதீர் குழுவுக்கு 30 நாள் என்று கெடு இருந்தது. ஆனால் எழுத்து மூலமான மனு கிடைத்த நாளிலிருந்துதான் அது ஓடத் தொடங்கும். அன்றே மனுவை இரண்டு பிரதிகளாக எழுதி, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொண்டேன். முதல் இரண்டு கட்டங்களிலும் பதிலே வரவில்லை. கெடு முடிந்தாலே அடுத்த கட்டத்துக்குப் போகலாம் என்று விதி சொன்னதால், முத்திரை வைத்த அந்தப் பிரதியைக் காட்டிக் குழுவுக்கு மனு கொடுத்தேன்.

இதற்கிடையில் என்னை மிகவும் வருத்திய ஒன்று நடந்தது. வருகைப் பதிவேட்டின் நகலை எனக்குத் தந்த நண்பரின் பெயரை மனுவிலேயே எழுதியிருந்தேன். அந்த மனு அப்படியே மேற்பார்வையாளருக்கு அனுப்பப்பட்டு, நண்பர் விசாரிக்கப்பட்டார். புகாருக்கு உள்ளானவருக்குக் குற்றச்சாட்டு தெரிந்தால்தான் அவர் பதில் சொல்ல முடியும், அதை மறைப்பது ரகசியம் ஆகாது. சாட்சியின் பெயரைத்தான் தனித் தாளில் எழுதி, குழுவின் பார்வைக்கு மட்டும் என்று மூடிய உறையில் கொடுத்திருக்க வேண்டும்.

28ஆம் நாள் குழு 6 இரவுகளுக்குப் படி தரச் சொல்லி, ஷிப்ட் மாற்றிக்கொண்டதற்கு எழுத்து அனுமதி இல்லை என்று 3 இரவுகளை நிராகரித்தது. அப்போது நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டப்படி, குழுவின் முடிவை எதிர்த்து நிர்வாகத்திடம் மேல்முறையீடு செய்தால் ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் நிர்வாகத்தின் சார்பில் அதைக் கேட்கவிருந்தவர், குழுவுக்குத் தலைமை வகித்த அதே ஆலை மேலாளர். தான் கொடுத்த தீர்ப்பைத் தானே மறுபரிசீலனை செய்வது முறையல்ல என்று மனுவின் முதல் பத்தியிலேயே எழுதினேன். இயக்குநர் கேட்க ஒப்புக்கொண்டார்.

அந்த மூன்று இரவுகளிலும் நுழைவாயில் கருவியில் என் அட்டை பதிந்த நேரங்களையும், அதே நேரத்தில் நான் கையெழுத்திட்ட ஆய்வுத் தாள்களையும் இணைத்திருந்தேன். அனுமதி வாங்காதது ஒழுங்குக் குறைபாடாக இருக்கலாம், செய்த வேலைக்குப் படி மறுக்க அது காரணமாகாது என்பதே என் வாதம். அடுத்த மாதச் சம்பளச் சீட்டில் நிலுவை 1,350 ரூபாய் என்று ஒரு வரி இருந்தது.