வீசையும் கிலோவும் கலந்த கணக்கு

யாங்கோனில் உளுந்து வியாபாரம் செய்யும் மாமாவின் எக்செல் கோப்பைச் சரிபார்த்தபோது, வீசையைக் கிலோவாக்கக் கொள்முதல் அளவு முழுவதும் 1.6 ஆல் பெருக்கப்பட்டிருந்தது. பர்மிய வீசை ஏறக்குறைய 1.633 கிலோ என்பதால் ஆயிரம் வீசைக்கு 33 கிலோ கணக்கில் குறைகிறது. அந்த 1.6 சூத்திரத்துக்குள்ளேயே புதைந்திருப்பதால் எக்செல் எந்த எச்சரிக்கையும் காட்டுவதில்லை.

இதைவிடப் பெரிய பிழை, சில வரிகளில் அளவு ஏற்கெனவே கிலோவில் இருந்தும் மீண்டும் பெருக்கப்பட்டதுதான். தொகையை அளவால் வகுத்து ஓர் அலகின் விலையைப் பார்த்தேன். கிலோ வரிகளில் மட்டும் அது மற்றவற்றின் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்காக இறங்கியதால், அந்த வரிகள் தம்மைத் தாமே காட்டிக்கொடுத்தன. இப்போது 1.633 H1 கட்டத்திலும், அலகு தனி நெடுவரிசையிலும் இருக்கின்றன.

```
=IF(C2="வீசை",B2*$H$1,IF(C2="கிலோ",B2,NA()))
```

அலகு எழுத மறந்தால் #N/A வரும், மொத்தமும் நின்றுவிடும். மாமாவுக்கு அது எரிச்சல்தான்.